பெட்டி வெட்டும் எல்லை வெட்டும்: ஒரே உயர ராஸ்டரில் இரண்டு தாழ்நிலக் கணக்குகள்

பின்னணி

வேதாரண்யம் பக்கத்துக் கடலோரத்தில் ஒரு சிறு குழு நிலமட்டம் பார்க்கும் வேலையில் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் லெவலிங் கருவியோடு ஆட்கள் களத்தில் இறங்க வேண்டும். எல்லா இடத்துக்கும் போக ஆளும் நேரமும் போதாது. அதனால் எங்கே முதலில் போவது என்று முடிவுசெய்ய, இலவசமாகக் கிடைக்கும் உயர ராஸ்டரை வைத்து ஒரு முதல்நிலை வடிகட்டல் செய்தார்கள். கேள்வி எளிமையானது: வரைந்து வைத்திருக்கும் எல்லைக்குள் 1 மீட்டருக்குக் கீழே எவ்வளவு பரப்பு இருக்கிறது, அது எங்கெங்கே இருக்கிறது?

எடுத்தது கோப்பர்நிகஸ் 30 மீட்டர் உயரத் தரவு. வடக்கு 10, கிழக்கு 79 என்ற ஒரே ஓடு அந்தப் பகுதி முழுவதையும் மூடிவிடுகிறது. 3600 வரிசை, 3600 நெடுவரிசை, ஒவ்வொரு பிக்சலும் 1 கோண வினாடி. இந்த அட்சரேகையில் ஒரு பிக்சல் கிழக்கு மேற்காக 30.4 மீட்டர், வடக்கு தெற்காக 30.7 மீட்டர், அதாவது சுமார் 934 சதுர மீட்டர் வரும். எல்லை ஒரு பாலிகன் கோப்பு. உப்பளம், சதுப்பு, ஊர், வயல் எல்லாவற்றையும் சேர்த்துக் குழுவே வரைந்தது, பரப்பு 412 சதுர கிலோமீட்டர். ராஸ்டர், பாலிகன் இரண்டும் EPSG:4326-இல் இருந்ததால் ஆயத்தொலைவு மாற்றும் சிக்கல் எதுவும் இல்லை.

கீழே வரும் பரப்பும் சராசரியும் முழுமையாக்கிய எண்கள். வெட்டும் முறை விடையை எப்படி மாற்றுகிறது என்று காட்டத்தான் அவை இருக்கின்றன. அந்தப் பகுதியின் நிலமட்டத் தரவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தார்கள். ஒருவர் விடையை மற்றவர் விடையோடு ஒத்துப் பார்க்கலாம் என்பதுதான் ஏற்பாடு. நான் முடிவுகளைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்தேன்.

இரண்டு வெட்டுகள்

முதலாமவர் பெட்டியாக வெட்டினார். `ogrinfo -so -al` கொடுத்துப் பாலிகனின் நான்கு எல்லை எண்களை எடுத்து, `gdal_translate`-இல் போட்டார்:

```
gdal_translate -projwin 79.61342 10.54131 79.89196 10.26869 \
  dem.tif petti.tif
```

இங்கே எண்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். `ogrinfo` முதலில் தென்மேற்கு மூலையையும் அப்புறம் வடகிழக்கு மூலையையும் காட்டும். `-projwin` கேட்பது வடமேற்கு மூலையும் தென்கிழக்கு மூலையும். `gdalwarp`-இன் `-te` மறுபடியும் தென்மேற்கு, வடகிழக்கு என்று கேட்கும். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் பெட்டியின் உயரம் எதிர்மறையாகி, கட்டளை பிழை சொல்லி நின்றுவிடும். அதனால் இது பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாமவர் எல்லைப்படி வெட்டினார்:

```
gdalwarp -cutline ellai.gpkg -crop_to_cutline dem.tif mask.tif
```

இரண்டு கோப்புகளையும் QGIS-இல் திறந்தால் பார்வைக்கே வேறுபாடு தெரிந்தது. பெட்டிக் கோப்பில் கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கில் பக்கத்து ஊர்களின் வயல்கள் எல்லாம் இருந்தன. எல்லைக் கோப்பில் பாலிகனின் உருவம் மட்டும் நிறத்தோடு தெரிந்தது, சுற்றிலும் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்து "வெளியே ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த எல்லாமே அந்தப் புரிதலிலிருந்துதான் கிளம்பின.

ராஸ்டர் எப்போதும் செவ்வகம்தான். பாலிகன் எவ்வளவு வளைந்து நெளிந்து போனாலும் அதைச் சுற்றியுள்ள செவ்வகம் முழுக்கக் கோப்பில் எழுதப்படும். பெட்டிக் கோப்பில் 1003 நெடுவரிசை, 981 வரிசை, மொத்தம் சுமார் 9.84 லட்சம் பிக்சல். எல்லைக் கோப்பில் 1002 நெடுவரிசை, 981 வரிசை. கிட்டத்தட்ட அதே அளவு. சுருக்காமல் எழுதினால் இரண்டு கோப்பும் 4 எம்பிக்குப் பக்கத்தில்தான் வரும். பாதிக்கு மேல் "வெட்டி எறிந்த" கோப்பு ஏன் சிறிதாகவில்லை என்று அப்போதே கேட்டிருந்தால், வெளியே இருக்கும் பிக்சல்களிலும் ஏதோ ஒரு எண் இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

கவனித்தது

முடிவுகள் என்னிடம் வந்தபோது இப்படி இருந்தன. பெட்டிக் கோப்பில் சராசரி உயரம் 2.15 மீட்டர், 1 மீட்டருக்குக் கீழே 371 சதுர கிலோமீட்டர். எல்லைக் கோப்பில் சராசரி 1.17 மீட்டர், 1 மீட்டருக்குக் கீழே 591 சதுர கிலோமீட்டர்.

இரண்டாமவரே முதலில் சந்தேகப்பட்டார். "அண்ணே, எல்லையே 412தான். தாழ்நிலம் மட்டும் 591 வருதே, இது எப்படி?" என்று கேட்டார். கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. ஒரு பகுதியின் தாழ்நிலம் அந்தப் பகுதியைவிடப் பெரிதாக இருக்க முடியாது. கணக்கில் எல்லைக்கு வெளியே உள்ள பிக்சல்கள் சேர்ந்திருக்கின்றன.

அதைவிட எனக்குக் கவலை தந்தது முதலாமவரின் 371. அது 412-ஐவிடச் சிறியது. சதுப்பும் உப்பளமும் நிறைந்த கடலோரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தாழ்நிலம் என்றால் யாரும் சட்டென்று மறுக்க மாட்டார்கள். சராசரி 2.15 மீட்டர் என்பதும் கேட்பவருக்கு உறுத்தாது. ஆனால் அந்த 371-இல் கடல் மட்டும் சுமார் 240 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு வெளியே உள்ள பக்கத்துத் தாழ்நிலம் இன்னொரு 46. உண்மையில் எல்லைக்குள் இருந்தது மீதி 85தான். அபத்தமாகத் தெரிந்த விடை உடனே பிடிபட்டது. நம்பும்படி இருந்த விடை, இன்னொரு விடையோடு ஒப்பிட்டிராவிட்டால் அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும்.

சரி, காரணம் என்ன? பெட்டிக் கோப்பில் குழப்பம் இல்லை. பெட்டி என்பது பாலிகன் இல்லை, அவ்வளவுதான். கோப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உண்மையான உயரம், மூலத்தில் இருந்தபடியே மாறாமல் வந்திருக்கிறது. கேள்விக்கு வேண்டாத இடங்களின் உயரமும் கூடவே வந்துவிட்டது.

எல்லைக் கோப்பில் நடந்தது வேறு. `gdalwarp` புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கி, பாலிகனுக்குள் விழும் பிக்சல்களில் மட்டும் மதிப்பை எழுதுகிறது. மற்ற பிக்சல்களில் தொடக்க மதிப்பு அப்படியே நிற்கும். மூலத்தில் நோடேட்டா மதிப்பு, அதாவது 'இங்கே தரவு இல்லை' என்று காட்டும் எண், குறிக்கப்பட்டிருந்தால் அதுவே தொடக்க மதிப்பாக வரும். குறிக்கப்படாவிட்டால் 0. நாங்கள் எடுத்த ஓட்டில் நோடேட்டா குறிக்கப்படவில்லை, கடலும் அதில் 0 மீட்டர் என்றே பதிவாகியிருக்கிறது. ஆக, எல்லைக்கு வெளியே இருந்த 5.4 லட்சம் பிக்சல்களும் 0 மீட்டர் உயரமுள்ள நிலமாகிவிட்டன. பக்கத்து ஊர் வயல்கூட கடல் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. 506 சதுர கிலோமீட்டர் வெறும் நிரப்பு, அதோடு உண்மையான 85, மொத்தம் 591.

எஸ்ஆர்டிஎம் என்ற இன்னோர் உயரத் தரவில் வேலை செய்து பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அதன் ஓடுகளில் வழக்கமாக -32768 நோடேட்டாவாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதே கட்டளை அங்கே சரியாக வேலை செய்துவிடும். இரண்டாமவரும் இந்தக் கட்டளையை முன்பு அப்படித்தான் பழகியிருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க `gdalinfo -stats` போதும். அது காட்டும் வரிகளில் `STATISTICS_VALID_PERCENT` என்று ஒன்று வரும், செல்லுபடியாகும் பிக்சல்கள் நூற்றுக்கு எத்தனை என்று அர்த்தம். பெட்டிக் கோப்பில் அது 100 என்று இருந்தது, இருக்கவும் வேண்டும். எல்லைக் கோப்பிலும் 100 என்று இருந்தது. எல்லைப்படி வெட்டிய கோப்பில் அது 100 ஆக இருந்தால், மாஸ்க் கண்ணுக்குத் தெரிகிறதே தவிரக் கணக்குக்குத் தெரியவில்லை என்று பொருள்.

முதல் திருத்தம், அது ஏன் கைவிடப்பட்டது

உடனே தோன்றிய வழி 0-ஐயே நோடேட்டாவாக அறிவித்துவிடுவது. எல்லைக் கோப்பின்மேல் `gdal_edit.py -a_nodata 0` ஓட்டினார்கள். ஒரு நொடியில் முடிந்தது. QGIS-இல் கறுப்பு மறைந்து, பாலிகன் உருவம் மட்டும் வெள்ளைப் பின்னணியில் அழகாக நின்றது. தாழ்நிலம் 61 சதுர கிலோமீட்டர் என்று வந்தது, சராசரி 2.76 மீட்டர்.

படம் சரியாகத் தெரிந்ததால் இதோடு முடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. நான் செல்லுபடி விழுக்காட்டைக் கேட்டேன். 42.2 என்றார்கள். பாலிகன் 412 சதுர கிலோமீட்டர், செவ்வகம் 918. அப்படியானால் 44.9-க்குப் பக்கத்தில் வர வேண்டும். சுமார் 26,000 பிக்சல், 24 சதுர கிலோமீட்டர், குறைவாக வந்திருந்தது.

அவை எங்கே போயின என்று பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. எல்லைக்குள்ளேயே கடலோடு சேர்ந்த கழிமுகமும் உப்பங்கழியும் இருந்தன. தரவில் அவற்றின் உயரமும் 0தான். தண்ணீர் முதலில் ஏறும் இடங்களே அவைதான். 0-ஐ நோடேட்டா என்று அறிவித்ததும், வெளியே இருந்த நிரப்போடு சேர்ந்து அவையும் ஓட்டைகளாகிவிட்டன. எந்த இடங்களைத் தேடிப் போனோமோ அவற்றில் ஒரு பகுதியே கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. தேடும் மதிப்புக்கு மிக நெருங்கிய எண்ணை நிரப்பாக வைத்தால் வரும் சேதம் இது. மலைப்பகுதி உயரத்தில் 0 நிரப்பு ஓரளவு பாதுகாப்பு, அங்கே 0 மீட்டர் வராது. கடலோரத்தில் அப்படி இல்லை. 0, 1, 2 என்று வகை எண்கள் உள்ள நிலப்பயன்பாட்டு ராஸ்டரிலும், 0-ஐச் சுற்றி இருபக்கமும் ஓடும் தாவரக் குறியீட்டிலும் இதே தொல்லை வரும்.

வெட்டும்போதே `-dstnodata 0` கொடுத்திருந்தால் நிலைமை சற்று வேறாக இருந்திருக்கும். உண்மையான 0 ஒன்று நோடேட்டா மதிப்போடு மோதினால், `gdalwarp` அதை அதற்கு அடுத்த மிக நுண்ணிய எண்ணாக மாற்றி எழுதிவிடும். ஓட்டை விழாது, ஆனால் தரவு தொடப்பட்டிருக்கும். ஏற்கெனவே எழுதிய கோப்பின்மேல் பிறகு அறிவிக்கும் `-a_nodata`-வுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எது உண்மை 0, எது நிரப்பு 0 என்ற தகவல் அந்தக் கோப்பில் அப்போதே அழிந்துவிட்டது. எனவே அதைச் சரிசெய்யப் பார்க்காமல் மூலத்திலிருந்து திரும்ப வெட்டுவதென்று முடிவெடுத்தோம்.

இரண்டாம் திருத்தம்

தரவில் ஒருபோதும் வர முடியாத எண்ணை நிரப்பாக எடுத்தோம்:

```
gdalwarp -cutline ellai.gpkg -crop_to_cutline \
  -dstnodata -9999 dem.tif mask2.tif
```

செல்லுபடி விழுக்காடு 44.86 வந்தது. 4,41,000 பிக்சலை 934 சதுர மீட்டரால் பெருக்கினால் 412 சதுர கிலோமீட்டர், பாலிகனின் பரப்பேதான். சராசரி 2.6 மீட்டர். தாழ்நிலத்தை இப்படி எண்ணினோம்:

```
gdal_calc.py -A mask2.tif --calc="A<1" --type=Byte \
  --NoDataValue=255 --outfile=thaazhvu.tif
```

91,000 பிக்சல், 85 சதுர கிலோமீட்டர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். -9999-உம் 1-ஐவிடக் குறைவுதான். `gdal_calc.py` நோடேட்டாவை மதித்து அந்தப் பிக்சல்களை 255 என்று எழுதியதால்தான் கணக்கு சரியாக வந்தது. கோப்பைப் பைத்தானில் நேராகத் திறந்து வெறும் எண் அணியாகப் படித்து `A<1` என்று எண்ணினால், எல்லைக்கு வெளியே உள்ள 506 சதுர கிலோமீட்டரும் மறுபடி தாழ்நிலமாகிவிடும். நோடேட்டா என்பது கோப்பின் தலைப்பில் எழுதிய ஒரு குறிப்பு. படிக்கும் நிரல் அதை மதித்தால்தான் அதற்குப் பலன்.

கட்டம் நகர்ந்த சிக்கல்

இரண்டு பேரின் வேலையும் ஒத்துப்போகிறதா என்று உறுதிசெய்ய, எல்லைக்குள் பெட்டிக் கோப்பிலிருந்து எல்லைக் கோப்பைக் கழித்துப் பார்க்க நினைத்தோம். ஒரே மூலம் என்பதால் எல்லா இடத்திலும் 0 வர வேண்டும். ஆனால் அளவு ஒத்துப்போகவில்லை. ஒன்றில் 1003 நெடுவரிசை, மற்றதில் 1002.

காரணம் பாலிகனின் ஓரம் பிக்சல் கோட்டில் விழாததுதான். ஓட்டின் தொடக்க மூலை 78.99986111. அங்கிருந்து பாலிகனின் மேற்கு ஓரம் 2208.8 பிக்சல் தள்ளி இருக்கிறது. `-projwin` மூலக் கட்டத்தை விடாமல் 2208-ஆம் கோட்டிலிருந்து எடுத்தது. `-crop_to_cutline`, ஆயத்தொலைவு மாற்றமும், பிக்சல் அளவைச் சொல்லும் `-tr`-உம் இல்லாதபோது, மூலக் கட்டத்திலேயே உள்பக்கமாக நகர்ந்து 2209-ஆம் கோட்டில் தொடங்கியது. இரண்டுமே மூலக் கட்டத்தில் உட்காருகின்றன, தொடக்கம் மட்டும் ஒரு பிக்சல் வேறு. இதில் தவறு ஒன்றும் இல்லை.

தவறு அடுத்த படியில் வந்தது. அளவை ஒன்றாக்க முதலாமவர் இப்படி ஓட்டினார்:

```
gdalwarp -te 79.61342 10.26869 79.89196 10.54131 \
  -tr 0.000277777777778 0.000277777777778 -tap dem.tif petti2.tif
```

கட்டத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள `-tap` சேருங்கள் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அது செய்வது, ஓரங்களைப் பிக்சல் அளவின் முழு மடங்குகளுக்குத் தள்ளுவது. மூல ராஸ்டரின் ஓரமும் முழு மடங்கில் இருந்தால் நல்லது. சென்டினல் 2 ஓடுகள் அப்படி இருக்கின்றன. இந்த உயரத் தரவு அப்படி இல்லை. இதில் பிக்சலின் மையம் முழு டிகிரியில் உட்காருகிறது, ஓரம் அரைப் பிக்சல் வெளியே நிற்கிறது. 79-க்குப் பதில் 78.99986111 என்று தொடங்குவது அதனால்தான். லேண்ட்சாட் படங்களிலும் இதே கதை. அவற்றின் ஓர ஆயத்தொலைவை 30-ஆல் வகுத்தால் பாதி மிஞ்சும்.

புதிய கோப்பின் தொடக்கம் 79.61333333 என்று வந்தது. மூலத்தின் தொடக்கத்தைக் கழித்து 3600-ஆல் பெருக்கினால் 2208.5. அந்த .5 தான் சிக்கல். புதிய பிக்சல் ஒவ்வொன்றின் மையமும் பழைய பிக்சல்களின் மூலையில் விழுகிறது. அருகாமை முறையில் மதிப்பை எடுக்கும் `gdalwarp` நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. எண்கள் எதுவும் புதிதாக உருவாகவில்லை, சராசரியும் அசையவில்லை. ஆனால் படம் முழுவதும் அரைப் பிக்சல், சுமார் 15 மீட்டர், நகர்ந்துவிட்டது. இதை எல்லைக் கோப்போடு ஒரே இடத்தில் வைத்துக் கழித்தபோது சமவெளி வயல்களில் வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். உப்பளக் கரைகளிலும் மணல்மேட்டு ஓரங்களிலும் 2 மீட்டர் வரை போனது, அதுவும் கரையின் ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல் என்று இணை கோடுகளாக.

அப்படி இணை கோடுகளாகக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் அது நகர்வின் அடையாளம். உயரத்தில் பிழை இருந்தால் வேறுபாடு இப்படிக் கோடு பிடித்து வராது. எங்கள் வேலையில் கரைகள்தான் முக்கியம், தண்ணீரைத் தடுப்பவை அவை. 15 மீட்டர் நகர்ந்த கரையைக் களத்தில் ஜிபிஎஸ்ஸோடு தேடிப் போகும் ஆள் அதன் தவறான பக்கத்தில் நிற்பார்.

`-tr` இல்லாமல் வெறும் `-te` மட்டும் கொடுப்பதும் இதற்கு விடை ஆகாது. `gdalwarp` கேட்ட ஓரத்தைத் துல்லியமாக வைத்துக்கொண்டு, அதற்குள் முழு எண்ணிக்கையில் பிக்சல் அடங்கும்படி பிக்சல் அளவையே கொஞ்சம் மாற்றிவிடும். பார்த்தால் தெரியாத அளவு மாற்றம்தான். ஆனால் கட்டம் மூலத்தோடு எங்கும் சரியாகப் பொருந்தாது.

எடுத்த முடிவு

இரண்டு வெட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்ப்பதை விட்டோம். முதலில் பெட்டி, கடைசியில் எல்லை என்று வரிசைப்படுத்தினோம்.

```
gdal_translate -projwin 79.60 10.55 79.90 10.26 dem.tif petti.tif
gdalwarp -cutline ellai.gpkg -dstnodata -9999 petti.tif mask3.tif
```

பெட்டியைப் பாலிகனைவிட எல்லாப் பக்கமும் சற்றுப் பெரிதாக எடுத்தோம். ஓரத்தில் ஒரு வரிசை முன்னே பின்னே முழுமையாக்கப்பட்டாலும் பாலிகன் வெட்டுப்படாது. இரண்டாவது கட்டளையில் `-crop_to_cutline` இல்லை, `-te`, `-tr`, `-tap` எதுவும் இல்லை. அதனால் வெளிவரும் கோப்பு பெட்டிக் கோப்பின் கட்டத்தையும் அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கழித்தபோது எல்லைக்குள் ஒவ்வொரு பிக்சலிலும் 0 வந்தது. செல்லுபடி விழுக்காடு 39.1 என்று குறைந்தது, செவ்வகம் பெரிதானதால். பிக்சல் எண்ணிக்கை அதே 4,41,000.

பெட்டிக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்து சரிவு கணக்கிட வேண்டியிருந்தது. `gdaldem slope` ஒரு பிக்சலின் சரிவைச் சுற்றியுள்ள எட்டுப் பிக்சல்களை வைத்துக் கணக்கிடுகிறது. எல்லைப்படி வெட்டிய கோப்பில் ஓரப் பிக்சலுக்கு அண்டை பிக்சல் நோடேட்டா, அதனால் ஓரம் முழுக்க ஒரு வளையம் காணாமல் போகும். 0 நிரப்பு உள்ள கோப்பாக இருந்தால் இன்னும் மோசம், மேற்கு எல்லை நெடுக இல்லாத ஒரு பள்ளம் முளைக்கும். பெட்டிக் கோப்பில் சரிவைக் கணக்கிட்டு, அந்த விடையை எல்லைப்படி வெட்டினால் இரண்டு தொல்லையும் இல்லை.

எல்லை ஓரத்தில் எந்தப் பிக்சலைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு விவாதம் நடந்தது. வழக்கப்படி, பிக்சலின் மையம் பாலிகனுக்குள் விழுந்தால்தான் அது சேரும். `-wo CUTLINE_ALL_TOUCHED=TRUE` கொடுத்தால் பாலிகன் தொடும் எல்லாப் பிக்சலும் சேரும். ஓரத்து உப்பளம் விட்டுப்போகக் கூடாது என்று முதலாமவர் அதைக் கேட்டார். ஓட்டிப் பார்த்தோம். ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் கூடியது. அதில் கடற்கரை ஓரமாகச் சேர்ந்தவை பெரும்பாலும் கடல், 0 மீட்டர், எனவே நேராகத் தாழ்நிலக் கணக்கில் ஏறின. பக்கத்துப் பகுதிக்கு நாளை இன்னொரு பாலிகன் வந்தால், பொது எல்லையில் உள்ள பிக்சல்கள் இரண்டிலும் எண்ணப்படும். மைய விதியில் ஒரு பிக்சல் இரண்டு பாலிகனுக்குப் போகாது. பரப்பைக் கூட்டிப் பார்க்கும் வேலைக்கு மைய விதியே சரி என்று அதை வைத்துக்கொண்டோம். ஒரு பிக்சல் அகலமே உள்ள வாய்க்காலை வெட்டி எடுப்பதாக இருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும்.

பின்னர் நடந்தது

85 சதுர கிலோமீட்டர் தாழ்நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, பெரியவை முதலில் என்று பட்டியல் போட்டார்கள். களத்துக்குப் போன ஆட்கள் முதல் சில துண்டுகளில் கரையின் இடம் வரைபடத்தோடு பொருந்துகிறது என்று சொன்னார்கள். உயரம் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. இந்தத் தரவு நிலத்தின் மேற்பரப்பைக் காட்டுவது, மரத்தின் தலையையும் கட்டடத்தின் கூரையையும் சேர்த்துத்தான் அளக்கிறது. சவுக்குத் தோப்பு உள்ள தாழ்நிலம் மேடாகத் தெரிகிறது. வெட்டும் முறையைச் சரிசெய்தால் தீரும் குறை இல்லை அது. அதனால்தான் இதை இறுதி விடையாக வைக்காமல், எங்கே முதலில் போவது என்ற வரிசைக்கு மட்டும் பயன்படுத்தினோம்.

இனி மாற்றிச் செய்வது

வெட்டத் தொடங்கும் முன் மூலக் கோப்பில் `gdalinfo` ஓட்டி இரண்டை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள்: நோடேட்டா மதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறதா, தொடக்க மூலையின் எண் என்ன. வெட்டிய பிறகு இரண்டு கணக்கு. செல்லுபடியாகும் பிக்சல் எண்ணிக்கையைப் பிக்சல் பரப்பால் பெருக்கி, பாலிகனின் பரப்போடு ஒப்பிடுவது ஒன்று. புதிய தொடக்கத்திலிருந்து பழைய தொடக்கத்தைக் கழித்து, பிக்சல் அளவால் வகுத்து, முழு எண் வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டும் சரியாக இருந்தால்தான் கோப்பு அடுத்தவர் கைக்குப் போகிறது.

கோப்புப் பெயரையும் மாற்றினோம். பெட்டியாக வெட்டியது `_petti` என்றும், எல்லைப்படி வெட்டியது `_ellai_nd9999` என்றும் முடிகின்றன. நிரப்பு எண் பெயரிலேயே இருப்பதால், பைத்தானில் நேராகத் திறப்பவர் கண்ணிலும் அது படும். பழைய `mask.tif`-ஐயும், அதிலிருந்து 0-ஐ நோடேட்டாவாக அறிவித்த கோப்பையும் அழித்துவிட்டோம். கூடவே கிடந்த `.aux.xml` கோப்புகளையும் அழித்தோம். முன்பு கணக்கிட்ட புள்ளிவிவரம் அதில் தங்கிவிடும். ராஸ்டரை மாற்றி எழுதிய பிறகும் `gdalinfo -stats` அந்தப் பழைய எண்ணையே எடுத்துக் காட்டக்கூடும்.